ஜூன் மாதத்துப் பனி

அன்புள்ள ஐயா,
சுற்றுச்சூழல் அறிவியல் முதலாண்டு படிக்கிறேன். பனி உருகினால் பூமி இன்னும் வேகமாகச் சூடாகும், அதற்கு அல்பெடோ, அதாவது மேலே விழும் வெயிலில் ஒரு பரப்பு திருப்பி அனுப்பும் பங்கு, காரணம் என்கிறார்கள். ஆனால் பனியின் அல்பெடோ ஒரு புத்தகத்தில் 0.5, இன்னொன்றில் 0.9. தேர்வுக்கு எதை எழுதுவது? கடல் மட்டம் உயர்வதும் இதனால்தானா?
நிவேதா

அன்புள்ள நிவேதா,

கடல் மட்டம் வேறு கணக்கு, இப்போது வேண்டாம். தேர்வுக்கு உங்கள் ஆசிரியர் சொன்னதை எழுதுங்கள். ஆனால் இரண்டு புத்தகம் இரண்டு எண் சொன்னால், ஏன் என்று கேட்காமல் எதை மனப்பாடம் செய்யலாம் என்றா யோசிப்பது? நீங்கள் தாண்டிப் போன இடத்தில்தான் பாடமே இருக்கிறது.

1997 அக்டோபரில் அலாஸ்காவுக்கு வடக்கே ஒரு கனடியக் கப்பலை வேண்டுமென்றே கடல்பனிக்குள் உறையவிட்டு, ஓராண்டு அதனோடு மிதந்தார்கள். ஷீபா என்று அந்த ஆய்வுக்குப் பெயர். பனிமேல் 200 மீட்டருக்கு ஒரு கோடு போட்டு, அதன் வழியே அல்பெடோவைத் திரும்பத் திரும்ப அளந்தார்கள். வசந்தத்தில், மேலே தூவிப்பனி கிடந்தபோது 0.8க்கு மேல். மே கடைசியில் உருகத் தொடங்கியது. தூவிப்பனி ஈரமாகி, கரைந்து, பள்ளங்களில் நீர் தேங்கிக் குட்டைகளாயிற்று. ஆகஸ்டில் சுமார் 0.4.

பாதியாகிவிட்டது என்று கடந்துவிடாதீர்கள். திருப்பி அனுப்புவதை விட்டுவிட்டு, உள்ளே வாங்குவதைப் பாருங்கள். நூறில் 20 பங்கு வெயிலை வாங்கிய பரப்பு இப்போது 60 பங்கு வாங்குகிறது. மூன்று மடங்கு! இத்தனைக்கும் பனிக்கட்டி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதுவும் போய்க் கடல் தெரிந்தால் 94 பங்கு.

செப்டம்பர் வந்தால் நண்பர்கள் எனக்கு ஆர்க்டிக் வரைபடத்தை அனுப்பிவிடுவார்கள், பனிப்பரப்பு மிகக் குறையும் மாதம் என்பதால். 2012 செப்டம்பரில் சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டர்தான் மிஞ்சியது. பயங்கரமான படம்தான், சரி. ஆனால் செப்டம்பரில் அங்கே வெயில் எங்கே? சூரியன் அடிவானத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். உச்சத்தில் நிற்பது ஜூன் 21 வாக்கில். அப்போது இரவே கிடையாது. ஆகவே ஜூன் தொடக்கத்திலேயே தேங்கிவிட்ட குட்டை, செப்டம்பரில் திறக்கும் அதே அளவு கடலைவிட எவ்வளவோ அதிகம் வெயிலைக் குடிக்கும். எத்தனை தடவை சொன்னாலும் இவர்கள் செப்டம்பர் படத்தைத்தான் அனுப்புகிறார்கள்.

ஜூனில் வாங்கிய சூட்டில் ஒரு பகுதி பனியை இன்னும் உருக்கும். மீதி கடலின் மேல்நீரில் தங்கும். அதைக் காற்றுக்குக் கொடுத்த பிறகுதான் கடல் மறுபடி உறையும். உறைவது தள்ளிப்போகிறது, பனி மெலிதாக வளர்கிறது, அடுத்த கோடையில் சீக்கிரம் கரைகிறது. வெயில் குறைந்த இலையுதிர்காலத்திலும் வெயிலே இல்லாத குளிர்காலத்திலும் ஆர்க்டிக் அதிகமாகச் சூடாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரே காரணம் அல்ல.

இந்தச் சுழலுக்குக் கடிவாளமும் உண்டு. மேகம் மூடினால் கீழே கறுப்போ வெள்ளையோ வித்தியாசம் குறைந்துவிடும். மெல்லிய பனி, தடித்த பனியைவிட வேகமாக வளரும். அதன் வழியே கடலின் சூடு சுலபமாக வெளியேறிவிடுவதால்.