பர்ஸை எடுத்துக் கொடுத்தவருக்குக் கடைக் கல்லாவில் ஒரு நன்றிக் கடிதம்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேக்கரியில் டீ குடித்துவிட்டு பர்ஸை அங்கேயே விட்டுவிட்டேன். யாரோ ஒருவர் எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்திருக்கிறார். மறுநாள் காலையில் கிடைத்தது. பணம், ஏடிஎம் கார்டு, லைசென்ஸ், அம்மாவின் மருந்துச் சீட்டு எல்லாம் அப்படியே இருக்கிறது. கொடுத்தவர் பெயர் தெரியவில்லை. வாரத்தில் சில நாள் டீ குடிக்க வருவார், கன்னடக்காரர் என்கிறார் கடைக்காரர். ஒரு நன்றிக் கடிதம் எழுதிக் கல்லாவில் கொடுத்து வைக்கலாம் என்று நினைக்கிறேன். என்ன எழுதுவது? கூடவே பணம் வைக்கலாமா?

பதில்: கடிதம் தாராளமாக வைக்கலாம். பணத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் கல்லாவில் கிடக்கும் காகிதத்தை முதலில் படிப்பவர் நீங்கள் நினைக்கிற ஆள் அல்ல. கடைக்காரர் படிப்பார், டீ போடுகிற பையன் படிப்பான், சில்லறைக்காகக் காத்திருக்கிற யாராவது எட்டிப் பார்ப்பார்கள். எனவே அதை ஒரு தபால் கார்டு மாதிரி நினைத்து எழுதுங்கள். ஒட்டிய கவர் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறதோ, தொலைந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்று கடைக்காரருக்குத்தான் சங்கடம். நான்காக மடித்த ஒற்றைத் தாள் போதும்.

மடித்த தாளின் மேல்பக்கம்தான் முக்கியம். பெயர் தெரியாதவருக்கு எழுதும்போது நடந்த சம்பவமே விலாசம். ‘வெள்ளிக்கிழமை சாயங்காலம் பர்ஸ் கொடுத்தவருக்கு’ என்று மேலே பெரிதாக எழுதுங்கள். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் கல்லாவில் உட்காருகிற கடை என்றால், அவர் வருகிற நேரத்தில் யார் இருப்பாரோ அவர் கையில் கொடுங்கள். காலையில் இருப்பவரிடம் கொடுத்தால் அது பில் புத்தகத்துக்கு அடியில் போய்விடும். கடைச் சுவரில் ஒட்டுகிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். டீ குடிக்க வந்தவரை நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஆகும். சிலருக்கு அது பிடிக்காது.

உள்ளே ஐந்தாறு வாக்கியம் போதும். நன்றிக் கடிதங்களில் நான் அடிக்கடி பார்க்கிற வாக்கியம், ‘பணம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை’ என்பது. பாராட்டாகத்தான் எழுதுகிறார்கள். வாங்கிப் படிப்பவருக்கோ, ‘ஓ, எண்ணிப் பார்த்தாரா’ என்று தோன்றும். ‘இந்தக் காலத்திலும் இப்படி ஒரு நேர்மையா’ என்பதும் அதே ரகம்தான்: அவர் எடுத்திருக்கக்கூடும் என்று நீங்கள் நினைத்ததாக ஆகிவிடுகிறது. பணத்தைப் பற்றிப் பேசாமல், அவர் செய்ததால் உங்களுக்கு எந்த அலைச்சல் மிச்சமாயிற்று என்று சொல்லுங்கள். உங்கள் விஷயத்தில் அது லைசென்ஸும் மருந்துச் சீட்டும்தான். ஆர்டிஓ ஆபீஸ் அலைச்சல் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இப்படி எழுதலாம்:

‘அண்ணா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்கள் இந்தக் கடையில் கொடுத்துவிட்டுப் போன பர்ஸ் என்னுடையது. மறுநாள் காலையிலேயே என் கைக்கு வந்துவிட்டது. அதில் என் லைசென்ஸும் அம்மாவின் மருந்துச் சீட்டும் இருந்தன. லைசென்ஸுக்காக ஆர்டிஓ ஆபீஸுக்கும், சீட்டுக்காக மறுபடி டாக்டரிடமும் நான் அலையாமல் செய்துவிட்டீர்கள். ரொம்ப நன்றி. அடுத்த முறை வரும்போது டீயும் காரா பன்னும் என் கணக்கில்.’

கீழே உங்களைக் கூப்பிடுகிற பெயர் மட்டும். இனிஷியல், வீட்டு விலாசம், போன் நம்பர் எதுவும் வேண்டாம். காரணம் இருக்கிறது. பெயர், நம்பர், பர்ஸ் தொலைந்த கதை மூன்றும் ஒரே தாளில் இருந்தால், ‘பேங்கிலிருந்து பேசுகிறோம், உங்கள் தொலைந்த கார்டு விஷயமாக’ என்று யாரோ கூப்பிட்டு ஓடிபி கேட்க அது போதும். கதை உண்மை என்பதால் நீங்களும் நம்பிவிடுவீர்கள். அவர் பேச விரும்பினால் கடைக்காரர் மூலமாகப் பேசட்டும். உங்கள் நம்பரைக் கடைக்காரரிடம் தனியாகச் சொல்லி வையுங்கள்.

கார்டு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பர்ஸ் ஒரு ராத்திரி முழுக்க உங்கள் கையில் இல்லை. கார்டின் நம்பரும் பின்னால் உள்ள மூன்று இலக்கமும் கார்டு மேலேயே அச்சாகியிருந்தால், பேங்க் ஆப்பில் ஆன்லைன் பரிவர்த்தனையை நிறுத்திவிட்டுப் புதுக் கார்டு கேளுங்கள். எடுத்துக் கொடுத்தவர் மேல் சந்தேகப்பட்டு அல்ல. கல்லாவில் அது எத்தனை பேர் கைபட இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இதைக் கடிதத்தில் எழுத வேண்டாம்.

அடுத்தது மொழி. பெங்களூருத் தமிழர்களில் பலருக்குக் கன்னடம் சரளமாகப் பேச வரும், எழுத வராது. நீங்களும் அப்படியென்றால், பள்ளிக்கூடத்தில் கன்னடம் படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து எழுதி வாங்குங்கள். முதல் வரி, ‘அண்ணா, சுக்ரவார சஞ்சே நீவு ஈ அங்கடியல்லி கொட்ட பர்ஸ் நன்னது’ என்று வரும். கடைசியில் ‘தும்பா தன்யவாதகளு’. வாக்கியங்கள் குட்டையாக இருக்கட்டும். அவருக்குப் படிக்கப் பழக்கமில்லை என்றால் கடைக்காரர்தான் வாய்விட்டுப் படித்துக் காட்டப்போகிறார். நீளமான வாக்கியத்தில் பாதியிலேயே நிறுத்திவிட்டு, ‘தேங்க்ஸ் சொல்லியிருக்காரு’ என்று முடித்துவிடுவார்.

இனி பணம். சட்டப்படி நீங்கள் கொடுத்தாக வேண்டியது ஒன்றும் இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 168ஆவது பிரிவு இதைப் பற்றியதுதான். தொலைந்த பொருளைக் கண்டெடுத்தவர், தானாகப் பட்ட சிரமத்துக்கும் செலவுக்கும் உரியவர் மேல் வழக்குப் போட முடியாது. ஆனால் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் இன்ன தொகை தருகிறேன் என்று உரியவர் முன்பே அறிவித்திருந்தால், அந்தத் தொகையைக் கேட்டு வழக்குப் போடலாம். ஆகவே வெள்ளிக்கிழமை ராத்திரி பதற்றத்தில் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ‘கண்டுபிடித்துக் கொடுத்தால் இவ்வளவு’ என்று போட்டிருந்தீர்களா என்று ஒரு தரம் பாருங்கள். போட்டிருந்தால் அந்தத் தொகையை அவர் கையில் நேரில் கொடுத்துவிடுவதுதான் முறை.

போடவில்லை என்றால் கடிதத்துக்குள் நோட்டு வைக்காதீர்கள். பல கை மாறுகிற தாளில் பணம் இருப்பது கடைக்காரருக்குத் தொல்லை. கொடுத்தவருக்கும் கூலி வாங்கின மாதிரி இருக்கும். அதற்குப் பதில் கடையிலேயே நூறு ரூபாய் முன்பணம் கட்டிவிட்டு, கடிதத்தில் டீயையும் பன்னையும் சொல்லிவிடுங்கள். தொகை சின்னதாக இருப்பதுதான் நல்லது. ஆயிரம் ரூபாய் என்றால் அவர் மறுப்பார், இடையில் கடைக்காரர் மாட்டிக்கொள்வார். பர்ஸை ராத்திரி முழுக்கப் பத்திரமாக வைத்திருந்தவர் கடைக்காரர். அவருக்குக் கடிதம் வேண்டாம், கூட்டம் இல்லாத நேரத்தில் போய் வாயால் சொல்லுங்கள்.

ஒரு வாரம் கழித்து, வாங்கிக்கொண்டாரா என்று ஒரு தடவை மட்டும் கேளுங்கள். வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போயிருந்தால் அத்தோடு சரி. ஆள் யார், எங்கே வேலை செய்கிறார் என்று கடைக்காரரைத் துருவ வேண்டாம். இரண்டு வாரமாகியும் வரவில்லை என்றால் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அது நைந்து போயிருக்கும். அவர் வந்தால் வாய்மொழியாகச் சொல்லிவிடும்படி கடைக்காரரிடம் சொல்லுங்கள். முன்பணம் அங்கேயே இருக்கட்டும்.