மசேநி கேள்வி-பதில்: வயது ஏறும்போது கைக்கு வரும் சம்பளம்

2026-இன் முதல் சம்பளச் சீட்டுகள் கைக்கு வந்ததிலிருந்து கடிதங்கள் குவிகின்றன. பாதிப் பேர் வயதை எழுதவில்லை. மீதிப் பேர் சம்பளத்தை எழுதவில்லை. சிங்கப்பூரின் மத்திய சேமநல நிதியான மசேநியின் விகிதம் வயதைப் பொறுத்தது, தொகை சம்பளத்தைப் பொறுத்தது. இரண்டையும் எழுதியவர்களுக்கு மட்டும் இம்முறை பதில்.

எனக்கு மார்ச் 3-ஆம் தேதி 55 வயது நிறைகிறது. மார்ச் சம்பளத்திலேயே புதிய விகிதம் வருமா? (ஈசூன் வாசகர்)

வராது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்துதான் வரும். பிறந்தநாள் மாதத்தின் 1-ஆம் தேதியானாலும் 31-ஆம் தேதியானாலும் அடுத்த மாதமே கணக்கு. 60, 65, 70 வயதுக்கும் இதே விதிதான். இதை மாதந்தோறும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வயது 57, சம்பளம் 4,000 வெள்ளி. டிசம்பரில் 3,320 வந்தது, ஜனவரியில் 3,280 வந்திருக்கிறது. நிறுவனம் 40 வெள்ளியை எங்கே கொண்டுபோனது? (பிடோக் வாசகர்)

எங்கேயும் கொண்டுபோகவில்லை. 55-க்கு மேல் 60 வரை உள்ளவர்களின் ஊழியர் பங்கு இவ்வாண்டு 17 விழுக்காட்டிலிருந்து 18 ஆகியிருக்கிறது. அந்த ஒரு விழுக்காடுதான் உங்கள் 40 வெள்ளி. முதலாளி பங்கும் 15.5-இலிருந்து 16 ஆனதால் அவர் பக்கத்திலிருந்து இன்னும் 20 வெள்ளி சேர்கிறது. ஆக மாதம் 60 வெள்ளி கூடுதலாக உங்கள் ஓய்வுக்காலக் கணக்கில் விழுகிறது. அங்கே முழு ஓய்வுக்காலத் தொகை ஏற்கனவே நிரம்பியிருந்தால் அது மசேநியின் சாதாரணக் கணக்குக்குப் போகும்.

உங்கள் முணுமுணுப்பில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். 2021-இல் இந்த வயதுப் பிரிவுக்கு முதலாளி 13, ஊழியர் 13 என்று சரிபாதியாக இருந்தது. இன்று 16, 18. ஐந்தாண்டில் முதலாளி மூன்று விழுக்காடு ஏற்றுக்கொண்டார், ஊழியர் ஐந்து. 55-க்குக் கீழே உள்ளவர்களின் 17, 20 என்ற விகிதத்தை நோக்கிப் போகும் பாதை அப்படித்தான் இருக்கும். போகும் வேகத்தைக் குறை சொல்லலாம், கணக்கைக் குறை சொல்ல முடியாது.

60 வயது முடிந்தவுடன் கைக்கு 220 வெள்ளி கூடுதலாக வருகிறது. சம்பள உயர்வு என்று என் கணவர் மகிழ்ச்சியாக இருக்கிறார். சரிதானா? சம்பளம் 4,000. (தெம்பனிஸ் வாசகி)

வயதும் சம்பளமும் எழுதிய உங்களுக்கு நன்றி. ஆனால் அவர் மகிழ்ச்சியைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கிறது.

60-க்கு மேல் 65 வரை முதலாளி 12.5, ஊழியர் 12.5. அதனால் அவரிடமிருந்து பிடிப்பது 720-இலிருந்து 500 ஆகக் குறைந்தது. அந்த 220 அவருடைய பணம்தான். மசேநிக்குப் போய்க்கொண்டிருந்தது, இப்போது கைக்கு வருகிறது. அதே நாளில் முதலாளி போடும் தொகை 640-இலிருந்து 500 ஆகிவிட்டது. அந்த 140 யார் கைக்கும் வரவில்லை. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் அவருக்கு மாதம் 140 வெள்ளி குறைந்திருக்கிறது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக் கடன் இன்னும் பாக்கி இருந்தால் இதையும் பாருங்கள். 60 வரை சம்பளத்தில் 12 விழுக்காடு சாதாரணக் கணக்குக்குப் போனது, அதாவது 480 வெள்ளி. இப்போது 3.5 விழுக்காடுதான், 140 வெள்ளி. மாதத் தவணையை அந்தக் கணக்கிலிருந்து கட்டிக்கொண்டிருந்தால், கைக்குக் கூடியது 220, தவணைக்குக் குறைந்தது 340. கணக்கில் பழைய இருப்பு இருக்கும்வரை இது வெளியே தெரியாது. அது தீர்ந்த மாதம் ரொக்கமாகக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். இன்றே சாதாரணக் கணக்கின் இருப்பைத் தவணையால் வகுத்துப் பாருங்கள்.

55 தாண்டும்போதும் இதே கதைதான், அளவு மட்டும் சிறியது. 4,000 சம்பளத்துக்குக் கைக்கு 80 கூடும், முதலாளி பங்கு 40 குறையும். மொத்தச் சந்தாவில் குறைகிற 120 வெள்ளியும் அப்படியே சாதாரணக் கணக்கிலிருந்துதான் போகிறது. மருத்துவச் செலவுக்கான மெடிசேவுக்குப் போகும் விழுக்காடு மாறுவதில்லை.

சம்பளம் 9,000, வயது 44. ஜனவரியிலிருந்து மாதம் 120 வெள்ளி குறைகிறது. விகிதம் மாறவில்லையே? (செங்காங் வாசகர்)

விகிதம் மாறவில்லை, மசேநி பிடிக்கும் மாதச் சம்பள உச்சவரம்பு 7,400-இலிருந்து 8,000 ஆனது. கூடிய 600-இல் 20 விழுக்காடு 120. முதலாளியும் 102 வெள்ளி அதிகம் போடுகிறார்.

ஆண்டு முடிவில் உங்களுக்கு நல்ல போனஸ் உண்டென்றால் கவலையே வேண்டாம். ஆண்டு உச்சவரம்பு 102,000 வெள்ளியாகவே இருக்கிறது. சென்ற ஆண்டு மாதச் சம்பளத்தில் 88,800-க்கு மசேநி பிடித்தார்கள், ஆக போனஸில் 13,200 வரை பிடிக்க இடம் இருந்தது. இவ்வாண்டு மாதச் சம்பளமே 96,000-ஐ எடுத்துக்கொள்வதால் போனஸில் 6,000-க்குத்தான் பிடிப்பார்கள். உங்கள் போனஸ் 18,000 என்று வைத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு அதில் 2,640 பிடித்தார்கள், இவ்வாண்டு 1,200. மாதாமாதம் 120 வீதம் 12 மாதங்களில் இழக்கும் 1,440-ம் போனஸில் மிச்சமாகும் 1,440-ம் ஒன்றே. ஆண்டு முழுக்கக் கணக்கிட்டால் கைக்கு வருவதில் ஒரு வெள்ளிகூட மாறவில்லை. போனஸ் இல்லாதவர்களுக்கும் சிறிய போனஸ் வாங்குபவர்களுக்கும்தான் உண்மையிலேயே குறையும்.

எனக்கு எவ்வளவு மசேநி பிடிப்பார்கள்? அவசரம்.

வயது இல்லை, சம்பளம் இல்லை, குடியுரிமையா நிரந்தரவாசமா என்பதும் இல்லை. அவசரம் மட்டும் இருக்கிறது.

வயது 62. கடை ஒன்றில் வேலை, சம்பளம் 2,400 என்று ஒப்பந்தம். சம்பளச் சீட்டில் ‘மசேநி ஊழியர் 300’, ‘மசேநி முதலாளி 300’ என்று இரண்டையும் கழித்து 1,800 தருகிறார்கள். கேட்டால், “உங்கள் வயதில் வேலை கிடைத்ததே பெரிது, எல்லாம் சேர்த்துத்தான் 2,400” என்கிறார்கள். (உட்லண்ட்ஸ் வாசகர்)

இந்தக் கடிதம் ஏதோ ஒரு வடிவத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது.

முதலாளி பங்கு முதலாளியின் செலவு. அதை ஊழியரின் சம்பளத்திலிருந்து மீட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம். நீங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தாலும் குற்றம்தான். உங்கள் கையெழுத்து அவருக்கு அந்த உரிமையைத் தராது. உங்களுக்குக் கைக்கு வரவேண்டியது 2,100, மசேநியில் விழவேண்டியது மொத்தம் 600.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, முதலாளிகள் அதற்குள்தான் ஒளிந்துகொள்வார்கள். வேலைக்குச் சேரும்போதே, “உங்கள் மாதச் சம்பளம் 2,133, அதற்கு மேல் என் பங்கை நான் போடுகிறேன், மொத்தம் எனக்கு 2,400 செலவு” என்று பேசி, ஒப்பந்தத்தில் 2,133 என்றே எழுதியிருந்தால் அது பேரம். பிடிக்காவிட்டால் நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம். உங்கள் விஷயம் அப்படி இல்லை. ஒப்பந்தத்தில் சம்பளம் 2,400. கழித்திருப்பது சீட்டிலேயே அச்சாகியிருக்கிறது. இவ்வளவு தெளிவாகத் தன் குற்றத்தைத் தானே எழுதித் தருபவர்கள் குறைவு.

இனி செய்ய வேண்டியது. முதலில் மசேநி இணையத்தளத்தில் உங்கள் சந்தா விவரத்தைத் திறந்து, அந்த மாதம் எவ்வளவு விழுந்திருக்கிறது என்று பாருங்கள். 600 என்றால் 2,400-க்குச் சந்தா கட்டிவிட்டு உங்களிடம் 300-ஐ எடுத்துக்கொண்டிருக்கிறார். 533 என்றால் உங்கள் சம்பளம் 2,133 என்று மசேநிக் கழகத்திடம் கணக்குக் காட்டியிருக்கிறார், அது வேறொரு பொய். ஒன்றுமே விழவில்லை என்றால் உங்களிடம் பிடித்த பணத்தையும் வைத்துக்கொண்டிருக்கிறார், அதற்குச் சிறைவரை தண்டனை உண்டு. ஆனால் ஒன்று: ஒரு மாதச் சந்தாவைக் கட்ட அடுத்த மாதம் 14-ஆம் தேதிவரை அவகாசம் இருக்கிறது. அதற்கு முன்பே பார்த்துவிட்டுப் பதறாதீர்கள்.

பிறகு ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், வங்கியில் 1,800 வந்ததற்கான பதிவு ஆகிய மூன்றையும் படமெடுத்துக்கொண்டு மசேநிக் கழகத்தில் புகார் கொடுங்கள். வேலையை விட்டபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்களிடம் பெரும்பாலும் சீட்டுகள் இருப்பதில்லை. சீட்டைத் தூக்கி எறியாதீர்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது?

“உங்கள் வயதில்” என்ற சொல்லுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வயதைக் காரணம் காட்டி அரசாங்கமே முதலாளியின் பங்கை 17-இலிருந்து 12.5 ஆகக் குறைத்துக் கொடுத்திருக்கிறது. இவ்வாண்டு ஏறிய அரை விழுக்காட்டிலும் பாதியை ஈடுகட்டுகிறது. உங்கள் சம்பளத்துக்கு அந்த அரை விழுக்காடு 12 வெள்ளி, பாதி போக அவர் கையிலிருந்து போவது 6 வெள்ளி. அதற்கு உங்களிடம் 300 எடுக்கிறார்.

அம்மாவுக்கு 67 வயது, பகுதிநேர வேலை. ஒரு மாதம் 480 வெள்ளி, பிடித்தமே இல்லை. மறுமாதம் 520, அதில் 4 வெள்ளி பிடித்தார்கள். ஏன்? (ஜூரோங் வாசகி)

மாதச் சம்பளம் 500-ஐத் தாண்டாதவரை ஊழியர் பங்கு கிடையாது. 50-க்கு மேல் இருந்தால் முதலாளி மட்டும் கட்டுவார். 500-க்கும் 750-க்கும் இடையில் ஊழியர் பங்கு படிப்படியாக ஏறும். அம்மாவின் வயதுக்கு 500-க்கு மேலுள்ள தொகையில் 22.5 விழுக்காடு. இருபது வெள்ளிக்கு நாலரை. ஊழியர் பங்கில் காசை விட்டுவிடுவார்கள், ஆகவே 4. சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள்.

சென்ற மாதம் நிரந்தரவாசி ஆனேன். வயது 34, சம்பளம் 5,000. இனி மாதம் 1,000 போய்விடுமா? (அங் மோ கியோ வாசகர்)

உடனே போகாது. முதலாண்டில் நீங்கள் 5 விழுக்காடு, அதாவது 250. இரண்டாமாண்டில் 15 விழுக்காடு, 750. மூன்றாமாண்டிலிருந்து 1,000. முதலாளி பங்கு 4, 9, 17 என்று ஏறும். இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தால் தொடக்கத்திலிருந்தே முழு விகிதம் கட்டலாம். விண்ணப்பிக்கச் சொல்லி முதலாளி தாள் நீட்டினால், அதில் முதலாளி பங்கு மட்டும் முழுமையா, இருவர் பங்குமா என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

எஸ் பாஸ் வேலை அனுமதியில் இருக்கிறேன். சம்பளச் சீட்டில் ‘மசேநி’ என்று 150 வெள்ளி கழிக்கிறார்கள்.

உங்களுக்கு மசேநி கிடையாது. அந்த 150 எங்கே போகிறது என்று மனிதவள அமைச்சிடம் இந்த வாரமே கேளுங்கள். சீட்டையும் கொண்டுபோங்கள்.