இன்டர்ன்ஷிப் சான்றிதழில் என்ன எழுதியிருக்க வேண்டும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கோவையில் ஒரு தொழிற்சாலையில் 2024 ஜூன் 3 முதல் 28 வரை, வாரம் ஐந்து நாள், தினமும் எட்டு மணி நேரம் இன்டர்ன்ஷிப் செய்தேன். "ஜூன் மாதம் வெற்றிகரமாக முடித்தார்" என்று சான்றிதழ் தந்தார்கள். துறையில் இரண்டு கிரெடிட் தர மறுக்கிறார்கள். ஏன்? (இயந்திரவியல் மாணவர்)

பதில்: மறுப்பில் நியாயம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் இரண்டு வாரத்துக்கு ஒரு கிரெடிட், நான்கு வாரத்துக்கு இரண்டு, ஆறு வாரத்துக்கு மூன்று என்று இருக்கிறது. ஒரு வாரம் என்பது 40 மணி நேரம். ஆகவே உங்களுக்கு 160 மணி நேரம் தேவை. "ஜூன் மாதம்" என்ற சொல்லிலிருந்து அதை யாராலும் கணக்கிட முடியாது.

உங்கள் கணக்கிலேயே இன்னொரு இடறலும் இருக்கலாம். ஜூன் 17 பக்ரீத் விடுமுறை. அன்று ஆலை இயங்கவில்லை என்றால் நீங்கள் வேலை செய்தது 19 நாள், அதாவது 152 மணி நேரம்தான். ஒரு சனிக்கிழமை வந்து அந்த எட்டு மணி நேரத்தை ஈடுகட்டியிருந்தால் அது வருகைப் பதிவேட்டில் இருக்கும். அதைக் காட்டி, தொடங்கிய நாள், முடிந்த நாள், மொத்த மணி நேரம் மூன்றையும் குறிப்பிட்டுச் சான்றிதழைத் திருத்தித் தரும்படி கேளுங்கள். ஈடுகட்டவில்லை என்றால், நடக்காத நாளை எழுதச் சொல்லாமல், விடுபட்ட ஒரு நாளை இப்போது முடித்துத் தர முடியுமா என்று துறையிடமும் நிறுவனத்திடமும் பேசுங்கள்.

கலை, அறிவியல் மாணவர்கள் கவனிக்க: பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதலில் இன்டர்ன்ஷிப்பின் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரம். அலகு கல்லூரிக்குக் கல்லூரி மாறினாலும், மணி நேரத்தை எழுதி வாங்கிவிட்டால் எந்த அலகுக்கும் அது பொருந்தும்.

கேள்வி: கல்லூரி ஏற்றுக்கொண்ட அதே சான்றிதழை வேலை தேடும்போதும் காட்டலாமா?

பதில்: காட்டலாம், ஆனால் கல்லூரி மணி நேரத்தை எண்ணுகிறது, நிறுவனமோ நீங்கள் என்ன செய்தீர்கள் என்று படிக்கிறது. "தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பயிற்சி பெற்றார்" என்ற வரியால் நேர்காணல் செய்பவருக்கு எந்தப் பயனும் இல்லை. "சி.என்.சி. பிரிவில் கடைந்த ஷாஃப்டுகளின் விட்டத்தை மைக்ரோமீட்டரால் அளந்து, அளவு மீறியவற்றைப் பிரித்துப் பதிவு செய்தார்" என்று இருந்தால், அவர் கேட்கும் முதல் கேள்வி அதிலிருந்தே வரும், உங்களால் பதிலும் சொல்ல முடியும். இப்படி ஓரிரு வரியை நீங்களே எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். பெரும்பாலானோர் அதைத் தொந்தரவாக நினைப்பதில்லை, வேலை மிச்சம் என்றே நினைக்கிறார்கள். வாடிக்கையாளர் பெயரும் உள் விவரங்களும் வேண்டாம். பயோடேட்டாவில் எழுதுவது சான்றிதழின் வரியைத் தாண்டக் கூடாது: சான்றிதழில் "இன்டர்ன்" என்றும் பயோடேட்டாவில் "தரப் பொறியாளர்" என்றும் இருந்தால், பின்னணிச் சரிபார்ப்பில் அதுதான் முதலில் சிக்கும்.

கேள்வி: மதிப்பெண் பட்டியலில் என் பெயருக்குப் பின்னால் இனிஷியல் இருக்கிறது. சான்றிதழில் இனிஷியலை விரித்து, அப்பாவின் பெயரை முன்னால் போட்டுவிட்டார்கள். பரவாயில்லையா?

பதில்: மாற்றி வாங்குங்கள். சரிபார்க்கும் முகமை வேறு மாநிலத்திலோ வெளிநாட்டிலோ இருக்கலாம். நம் இனிஷியல் வழக்கம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மதிப்பெண் பட்டியலில் உள்ள எழுத்து வரிசையே இருக்க வேண்டும். கூடவே கல்லூரிப் பெயரும் பதிவு எண்ணும் இருந்தால் ஐயத்துக்கு இடமில்லை. தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதச் சொல்லுங்கள்: 05/06 என்பதை அமெரிக்கர்கள் மே 6 என்றுதான் படிப்பார்கள்.

கேள்வி: ஊக்கத்தொகையையும் எழுத வேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை. எழுதினால் வங்கிக் கணக்கில் வந்த தொகையோடு ஒத்திருக்க வேண்டும்.

கேள்வி: சான்றிதழை முடியும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தந்துவிட்டார்கள். கையெழுத்திட்டவரும் விரைவில் வேலையை விடப் போகிறாராம்.

பதில்: முடிக்கும் முன்பே தேதியிட்ட சான்றிதழை இன்றே திருப்பிக் கொடுங்கள். உதாரணமாக, ஜூன் 21 அன்று கையெழுத்திட்டவர், 28 அன்று நீங்கள் முடித்ததை எப்படிச் சான்றளிக்க முடியும்? வழங்கிய தேதி கடைசி நாளாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். என் மாணவி ஒருவர் இதே காரணத்தால் ஒரு பருவத்துக்குரிய கிரெடிட்டை இழக்க இருந்தார். நிறுவனம் மறுபடி அச்சிட்டுத் தர மூன்று வாரம் ஆனது.

கையெழுத்திட்டவர் வெளியேறுவதால் சான்றிதழ் செல்லாததாகிவிடாது. ஆனால் அதில் அவருடைய பெயரும் பதவியும் தெளிவாக இருப்பதோடு, சரிபார்ப்புக்கான தொடர்பாக அவருடைய கைபேசி எண்ணைப் போடாமல் மனிதவளப் பிரிவின் அலுவலக மின்னஞ்சலையும், சான்றிதழுக்கு ஒரு வரிசை எண்ணையும் போடச் சொல்லுங்கள். மூன்று ஆண்டு கழித்து யாராவது கேட்டாலும் அந்த எண்ணைக் கொண்டு கோப்பைத் தேட முடியும். ஆஃபர் லெட்டரையும், ஊக்கத்தொகை வந்த வங்கிப் பக்கத்தையும், வருகைப் பதிவின் நகலையும் அதனுடனேயே வைத்திருங்கள். நிறுவனமே மூடப்பட்டுவிட்டால் சரிபார்ப்பவரிடம் காட்ட அவைதான் மிஞ்சும்.