வெள்ளிக்கிழமை இன்டர்வியூவுக்கு வரவில்லை என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியர் வேலைக்கு இரண்டு ரவுண்டு முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பிளான்ட் ஹெட்டைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையில் பர்கூர் பக்கம் வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்து, நானும் சரி சொல்லிவிட்டேன். "போனை எடுக்காமல் விட்டுடு, அவங்களே புரிஞ்சுக்குவாங்க" என்கிறான் நண்பன். எனக்கோ என்றைக்காவது ஓசூர் கம்பெனிக்கே போக வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. என்ன செய்வது?
- ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: தம்பி, பர்கூர்க்காரர்களுக்கு நீங்கள் சரி சொன்னது போனிலா, எழுத்திலா? போனில் மட்டும்தான் என்றால் இன்றே ஆஃபர் லெட்டரைக் கேட்டு வாங்குங்கள். பதவி, சம்பளம், சேரும் தேதி மூன்றும் அதில் இருக்க வேண்டும். அதைப் படித்து, ஏற்கிறேன் என்று பதில் அனுப்பிய பிறகு ஓசூருக்குச் சொல்லுங்கள். வாய்வார்த்தையை நம்பி இங்கே விலகிவிட்டு, அங்கே லெட்டரும் வராமல் தவித்த பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

லெட்டர் கைக்கு வந்துவிட்டதா? அப்படியென்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஓசூரில் பல வருடம் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவன் நான். பிளான்ட் ஹெட்டிடம் அரை மணி நேரம் வாங்குவது லேசான காரியம் இல்லை. புரொடக்‌ஷன் மீட்டிங்கைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கெஞ்சியிருப்போம். ஒருமுறை அப்படி வாங்கிய நேரத்துக்குப் பையன் வரவில்லை, போனும் ஸ்விட்ச் ஆஃப். கேட்டில் அவனுக்காக எழுதி வைத்த விசிட்டர் பாஸ் மாலை வரை அப்படியே கிடந்தது. எங்கள் எக்ஸெல் ஷீட்டில் அவன் பெயருக்கு நேராக 'வரவில்லை, தகவலும் இல்லை' என்று போட்டோம். இரண்டு வருடம் கழித்து, நல்ல அனுபவத்தோடு அவன் ரெஸ்யூம் மறுபடி வந்தது. பெயரைத் தேடியதும் அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது. கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டதால் முதலில் போன் செய்யுங்கள். காலை மீட்டிங் முடிந்து 11 மணி வாக்கில் எச்.ஆர். கொஞ்சம் ஓய்வாக இருப்பார். பேசி முடித்த கையோடு, இன்டர்வியூவுக்கு அழைத்து அவர் அனுப்பிய அதே மெயிலுக்கு 'ரிப்ளை' போடுங்கள். யார், எந்த வேலைக்கு என்று அவர் தேட வேண்டியிருக்காது. இப்படி எழுதலாம்:

"வணக்கம் மேடம். காலையில் போனில் சொன்னபடி, குவாலிட்டி இன்ஜினியர் வேலைக்கான என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன். வேறொரு நிறுவனத்தில் வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டதால் வெள்ளிக்கிழமை இன்டர்வியூவுக்கு வர இயலாது. இரண்டாவது ரவுண்டில் காஸ்டிங்கில் ப்ளோஹோல் வருவதைப் பற்றி சார் விளக்கியது எனக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது. நேரம் ஒதுக்கிய உங்கள் இருவருக்கும் நன்றி. வருங்காலத்தில் என் அனுபவத்துக்கு ஏற்ற வேலை உங்களிடம் வந்தால் மீண்டும் விண்ணப்பிக்க விரும்புகிறேன்."

கீழே பெயர், செல் நம்பர். அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அனுப்புவதானாலும் இதே வரிசைதான்.

இதில் 'திரும்பப் பெறுகிறேன்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். கூச்சப்பட்டு "இப்போதைக்கு வர முடியாத சூழ்நிலை" என்று எழுதினால், எச்.ஆர். அடுத்த வாரத்துக்குத் தேதி கொடுத்துவிடுவார். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றும் எழுத வேண்டாம். ஓசூரும் பர்கூரும் ஒரே மாவட்டம், எச்.ஆர். வேலையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். நன்றி சொல்லும் வரியில் அங்கே நிஜமாகப் பேசிய விஷயம் ஒன்று இருக்கட்டும். ப்ளோஹோல் நான் சொன்ன உதாரணம், உங்களுக்கு நினைவில் நிற்பது எதுவோ அதை எழுதுங்கள்.

கடைசி வரியில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "அங்கே செட் ஆகவில்லை என்றால் உங்களிடம் வருகிறேன்" என்று எழுதுவார்கள். படிப்பவருக்கு, தன்னை ஸ்டெப்னியாக வைத்திருக்கிறான் என்றுதான் தோன்றும். பர்கூர் வேலை எப்படிப் போகும் என்ற பேச்சே அந்த வரியில் வரக்கூடாது.

போனில், "எவ்வளவு தர்றாங்க? நாங்க சேர்த்துத் தந்தா வருவீங்களா?" என்று கேட்கக்கூடும். போன் போடும் முன்பே மனதில் முடிவு செய்துகொள்ளுங்கள். "எழுத்தில் ஒத்துக்கொண்டுவிட்டேன் மேடம், அதை மாற்ற மாட்டேன்" என்றால் போதும். கம்பெனி பெயரும் சம்பளமும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

அப்புறம், இரண்டாவது ரவுண்டு எடுத்த அந்த சாரின் மெயில் ஐடி உங்களிடம் இருந்தால் அவருக்குத் தனியாக இரண்டு வரி நன்றி அனுப்புங்கள். எச்.ஆர். வேறு கம்பெனிக்கு மாறிப் போனாலும், அடுத்த முறை ஆள் தேவை என்று கேட்கப்போவது அவரைப் போன்றவர்தான்.