இரவு இரண்டு மணிக்கு அப்பாவுக்கு என்ன வேலை?

"எங்கள் மகளுக்கு 24 நாள் ஆகிறது. சிசேரியன் பிரசவம். தாய்ப்பால் மட்டும்தான், எடை நன்றாக ஏறுகிறது. ஒத்தாசைக்கு இருந்த மாமியார் போன வாரம் ஊருக்குத் திரும்பிவிட்டார். இரவில் மூன்று நான்கு தடவை எழுந்து மனைவி சோர்ந்துபோகிறாள். நான் எழுந்தால், 'உங்களிடம் பாலா இருக்கிறது, படுங்கள்' என்கிறாள். இரவில் ஒரு வேளை மட்டும் டப்பா பால் கொடுத்தால் அவள் தூங்கலாம் என்கிறார் மருந்துக்கடைக்காரர். வாங்கலாமா? காலை 8 மணிக்கு நான் மில்லில் இருக்க வேண்டும்."
— ஒரு வாசகர், திருப்பூர்

வாங்க வேண்டாம். மருத்துவர் காரணம் சொல்லி எழுதிக்கொடுத்தால் அது வேறு. கடைக்காரர் சொல்வது காரணமல்ல, வியாபாரம்.

பால் சுரப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. எவ்வளவு காலியாகிறதோ அவ்வளவு ஊறும். பாலைச் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகமாக இருக்கிறது. முதல் ஐந்தாறு வாரங்களில் தினமும் ஒரு இரவு வேளையைத் தவிர்த்தால், 'இந்த நேரத்துக்குப் பால் தேவையில்லை' என்று உடம்பு முடிவு செய்துவிடும். முதல் சில நாள் விடிகாலையில் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு வலிக்கும், சிலருக்குக் காய்ச்சலும் வரும். கொஞ்ச நாளில் கட்டுவது நிற்கும். வலி போய்விட்டது என்று வீட்டில் மகிழ்வார்கள்; உண்மையில் குறைந்திருப்பது பால். அடுத்து பகலிலும் குழந்தை அழும், 'பால் பற்றவில்லை' என்பார்கள், இரண்டாவது டப்பா வரும். என்னிடம் 'பால் வற்றிவிட்டது' என்று வரும் தாய்மார்களிடம் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனால், 'இரவில் ஒரு வேளை மட்டும்' என்ற இடத்தில்தான் பெரும்பாலும் போய் நிற்கும்.

இந்த டப்பாக்களை விளம்பரம் செய்யக் கூடாது, இலவச மாதிரி கொடுக்கக் கூடாது, மருத்துவப் பணியாளர்களுக்குப் பரிசு கொடுத்து வளைக்கக் கூடாது என்று 1992-லேயே சட்டம் போட்டாயிற்று, 2003-இல் இன்னும் இறுக்கினார்கள். சட்டம் அலமாரியில் இருக்கிறது, டப்பா கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதே கடையில் அடுத்த மாதம் 'குழந்தை நன்றாகத் தூங்கும்' என்று சளி சிரப் ஒன்றை எடுத்து நீட்டினாலும் வியக்க மாட்டேன். அந்தத் தூக்கம் மருந்தின் மயக்கம். பச்சைக் குழந்தையின் மூச்சையே அது மந்தமாக்கக்கூடும். அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். இரவு ஆயா பிடித்துத் தருகிறேன் என்று ஒரு மாத முன்பணம் கேட்கும் ஏஜென்டுகளையும் அதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். வருகிற பெண்ணுக்கு என்ன பயிற்சி என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது. கமிஷன் மட்டும் இருக்கும்.

சரி, 'உங்களிடம் பாலா இருக்கிறது?' என்ற கேள்விக்கு வருவோம். இன்றிரவு ஒரு கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் மனைவி எழும் ஒவ்வொரு முறையும் எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துப் பாருங்கள். சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு தம்பதியிடம் இப்படிக் குறிக்கச் சொன்னேன். கணவர் ஜவுளிக்கடையில் வேலை செய்பவர். இரவு 10-லிருந்து காலை 6-க்குள் குழந்தை மூன்று முறை எழுந்தது. ஒவ்வொரு முறையும் தாய் விழித்திருந்தது சுமார் 70 நிமிடம். அதில் குழந்தை பால் குடித்தது 25 நிமிடம்தான். மீதி 45 நிமிடமும் தூக்குவது, துணி மாற்றுவது, ஏப்பம் விட வைப்பது, தோளில் போட்டுத் தட்டுவது, கீழே போட்டதும் விழிப்பது, மறுபடி தூக்குவது. மூன்று முறைக்கும் சேர்த்து மூன்றரை மணி நேரம் கண்விழிப்பு. அதில் தாயால் மட்டுமே செய்யக்கூடியது ஒன்றேகால் மணி நேரம். மிச்சமுள்ள இரண்டேகால் மணி நேர வேலைக்குப் பால் வேண்டாம், இரண்டு கை போதும்.

அவர்களுக்கு வகுத்துக் கொடுத்த திட்டம் உங்களுக்கும் பொருந்தும். இரவு 8.30-க்குப் பால் கொடுத்ததும் தாய் 9 மணிக்குப் படுத்துவிட வேண்டும். குழந்தை உங்களிடம், முடிந்தால் வேறு அறையில். 11.30 வாக்கில் பசித்ததும் நீங்கள் கொண்டுபோய்க் கொடுங்கள். குடித்ததும் வாங்கிக்கொண்டு, தூங்கவைத்து, 12.15-க்கு நீங்களும் படுங்கள். 2.30-க்கும் அதே போல. 5 மணிக்குக் குழந்தை எழும்போது நீங்கள் கண்விழித்திருக்க வேண்டாம், எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுங்கள். அந்த வேளையைத் தாய் பார்த்துக்கொள்ளட்டும். இதில் அவருக்குத் துண்டு துண்டாக ஏழு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். உங்களுக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். மில்லுக்குப் போகிறவருக்கு இது குறைவுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஈடுகட்டிக்கொள்ளுங்கள். குழந்தை இந்த நேரங்களைப் படித்துவிட்டு எழப்போவதில்லை, அரை மணி முன்பின் ஆகும்.

வேலையில் சில நுணுக்கங்கள் உண்டு. துணியை முதல் பக்கம் குடித்து முடித்த பிறகு, நடுவில் மாற்றுங்கள். அந்த நேரத்தில் குழந்தை சொக்கும். மாற்றும்போது விழித்துக்கொண்டு இரண்டாம் பக்கத்தை ஒழுங்காகக் குடிக்கும். எல்லாம் முடிந்து தூங்கிய பிறகு மலம் கழித்திருந்தாலொழியத் துணியைத் தொடாதீர்கள். ஏப்பத்துக்குத் தோளில் நிமிர்த்திப் பிடித்து ஐந்து பத்து நிமிடம் முதுகை வருடினால் போதும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை சில சமயம் ஏப்பமே விடாது, அதற்காக அரை மணி தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கண் மூடியதும் கீழே போடாதீர்கள். கையைத் தூக்கி விட்டால் துவண்டு விழுகிற வரை, பத்துப் பதினைந்து நிமிடம், காத்திருங்கள். பிறகு முதலில் பிட்டம், கடைசியில் தலை என்று மெல்ல இறக்கி, நெஞ்சின்மேல் உள்ளங்கையை ஒரு நிமிடம் வையுங்கள். தலை முதலில் இறங்கினால் விழுவதுபோல் உணர்ந்து கையை விரித்துத் திடுக்கிட்டு விழித்துவிடும். மல்லாந்து, சமமான படுக்கையில், தலையணை இல்லாமல் படுக்க வேண்டும். கடுகுத் தலையணையும் வேண்டாம், தலை தானாக உருண்டையாகும்.

இன்னொன்று. இந்த வயதில் குழந்தைகள் தூக்கத்திலேயே முனகும், நெளியும், அரைகுறையாக அழும். அதைக் கேட்டதும் தூக்கினால் நீங்களே எழுப்பிவிட்டீர்கள். ஒரு நிமிடம் பாருங்கள். கையை வாய்க்குக் கொண்டுபோனால், வாயைத் திறந்து தலையைப் பக்கவாட்டில் திருப்பினால், அது பசி. அப்போது கொண்டுபோய்க் கொடுங்கள். வீறிட்டு அழும்வரை விட்டால் மார்பைப் பிடிப்பதே சிரமமாகும்.

சிசேரியனை மற்ற ஆலோசனைகளில் ஒரு விதிவிலக்காக ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 வரை சிசேரியன் என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இதையா விதிவிலக்கு என்பது? வயிற்றின் தோல், தசை உறை, கருப்பை என்று அடுக்கடுக்காகத் தைத்த உடம்பு அது. மல்லாந்து படுத்திருப்பவர் நேராக எழும்போது முழு இழுப்பும் அந்தத் தையலில்தான் விழும். பக்கவாட்டில் புரண்டு, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இரவு மூன்று மணித் தூக்கக் கலக்கத்தில் குழந்தை அழும்போது யாருக்கு அந்த நிதானம் வரும்? ஆகவே அவர் எழவே கூடாது. ஆறு வாரம்வரை தொட்டிலிலிருந்தோ தரையிலிருந்தோ குழந்தையைக் குனிந்து எடுக்கும் வேலை முழுக்க உங்களுடையது. ஐந்து மணி வேளையிலும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் படுக்கச் சொன்னது இதற்காகத்தான். குழந்தையைத் தாயின் அக்குளுக்கு அடியில், கால்கள் அவர் முதுகுப் பக்கம் போகும்படி, தலையணை மேல் வைத்துக் கொடுங்கள். அப்படி வைத்தால் குழந்தையின் கால் தையலில் உதைக்காது. பக்கவாட்டில் படுத்துக் கொடுப்பதென்றால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையும் வயிற்றுக்கு ஒரு சிறிய மடித்த துண்டும் வைத்துக் கொடுங்கள். தண்ணீர்ச் சொம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்; பால் கொடுக்கத் தொடங்கினதும் தாகம் எடுக்கும். காயம் சிவந்தாலோ, நீர் வடிந்தாலோ, மேலும் வலித்தாலோ அறுவை செய்த மருத்துவரிடம் அன்றே போங்கள்.

உங்களுக்குத் தூக்கம் சொக்கும்போது குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு சோபாவில் சாயாதீர்கள். அப்பாக்கள் செய்யும் மிக ஆபத்தான காரியம் அதுதான். இடுக்கில் முகம் புதைந்தால் சத்தமே வராது. கண் கனத்தால் குழந்தையைப் படுக்கையில் போட்டுவிடுங்கள், அழுதாலும் பரவாயில்லை. மது அருந்திய இரவில் உங்களுக்கு இந்தப் பொறுப்பே இல்லை.

ஆறாவது வாரத்துக்குப் பிறகு, பால் நிலைத்துவிட்டால், 11.30 வேளையை முழுதாக நீங்களே எடுத்துக்கொள்ளலாம். காலையில் பால் அதிகம் இருக்கும்போது 60 மில்லி அளவுக்குக் கையால் பீய்ச்சி, மூடிய எவர்சில்வர் கிண்ணத்தில் ஃபிரிட்ஜின் உள்தட்டில் வையுங்கள், கதவில் வேண்டாம். விலையுயர்ந்த பம்ப் தேவையில்லை. கொடுக்கும்போது கிண்ணத்தைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். அடுப்பில் நேராக வைக்காதீர்கள். வெந்நீரில் கொதிக்கவைத்த பாலாடையில், குழந்தையைச் சாய்வாக நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரம் வைத்தால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும், ஊற்றாதீர்கள், புரையேறும். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

விடுப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மத்திய அரசு ஊழியருக்குத் தந்தைமை விடுப்பு 15 நாள், குழந்தை பிறந்த ஆறு மாதத்துக்குள் எடுக்கலாம். தனியார் மில்லில் வேலை செய்கிறவருக்குச் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. தாய்க்கு 26 வாரம் என்று 2017-இல் நீட்டியவர்களுக்கு அப்பா என்று ஒருவர் இருப்பது நினைவுக்கே வரவில்லை போலிருக்கிறது. மகப்பேறு வார்டு வாசலிலேயே ஆண்களை நிறுத்திவைத்துவிட்டு, 'அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது' என்று பிறகு குறைபடுகிறோம். உங்களிடம் ஈட்டிய விடுப்பு இருந்தால் அதைத் தொடர்ச்சியாக எடுக்காமல், வாரம் ஒரு நாள் என்று பிரித்து, நாலைந்து வாரத்துக்கு நடுவாரத்தில் கேட்டுப் பாருங்கள். மேற்பார்வையாளர்கள் ஒரேயடியாக ஐந்து நாள் கொடுக்கத் தயங்குவார்கள், ஒற்றை நாளுக்கு அவ்வளவு தயங்குவதில்லை.

குழந்தை 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குமேல் சிறுநீர் கழித்தால் பால் போதுமானது. உடம்பு 100.4 டிகிரி தொட்டாலோ, எழுப்ப முடியாமல் சோர்ந்திருந்தாலோ, தொடர்ந்து இரண்டு வேளை குடிக்க மறுத்தாலோ, எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். குழந்தை தூங்கும்போதும் மனைவிக்குத் தூக்கம் வராமல், இரண்டு வாரத்துக்குமேல் அழுகையும் வெறுமையும் நீடித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூன்று வாரத்தில் ஒன்றரை மாதத் தடுப்பூசி வரும். அன்று விடுப்பு எடுத்துக் குழந்தையை நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள், செவிலியர் சொல்லும் எடையை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட இரவு காய்ச்சல் வரலாம், அழுகை அதிகமிருக்கும், அன்றைய 2.30 மணி வேளைக்கு நீங்கள் முன்கூட்டியே தூங்கி வைத்திருக்க வேண்டும்.