மழைப் படத்துக்குள் ஒரு ஆளை நிறுத்துவது: வாசகர் கேள்விகள்

வேறிடத்தில் எடுத்த ஆளை Photoshop-இல் மழைப் படத்துக்குள் வைப்பது பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஈரத் தரையில் விழும் பிம்பத்தைப் பற்றியவை. அதனால் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஸ்டுடியோவில் எடுத்த பெண்ணின் படத்தை ஈரத் தார்ச்சாலையில் நிறுத்தினேன். பகல் நேரம், வெளிறிய மேக வானம். பிம்பத்துக்காக அதே லேயரைத் தலைகீழாக்கி, Screen வைத்து, Opacity 40 கொடுத்தேன். சிவப்புப் புடவை தரையில் வெளுத்த ஆவி மாதிரித் தெரிகிறது. எங்கே தப்பு?

தப்பு Screen-இல் இருக்கிறது. Screen வெளிச்சத்தைக் கூட்ட மட்டும்தான் செய்யும், எதையும் இருட்டாக்காது. ஆனால் உங்கள் சாலை பளபளப்பதே அதில் வானம் தெரிவதால்தான். அந்தப் பெண் அங்கே நின்றிருந்தால், தரையில் தெரியும் வானத்தின் ஒரு துண்டை அவர் மறைத்திருப்பார். பகலில் ஆளின் பிம்பம் என்பது முதலில் ஓர் இருண்ட உருவம். புடவையின் நிறம் அந்த இருட்டுக்குள்தான் லேசாகத் தெரியும்.

ஆகவே இரண்டு லேயர் வேண்டும். கீழே, தலைகீழ் உருவத்தின் வடிவத்தை மட்டும் எடுத்து, வானம் மறைந்த சாலையின் நிறத்தால் நிரப்புங்கள். அந்த நிறத்தை ஊகிக்க வேண்டாம். உங்கள் பின்னணிப் படத்திலேயே ஒரு மரமோ, நிற்கும் லாரியோ தரையில் கறுப்பாகத் தெரியும் இடம் இருக்கும், அங்கிருந்து Eyedropper-ஆல் எடுங்கள். அதற்கு மேலே தலைகீழ்ப் படத்தை Screen-இல், மங்கலாக வையுங்கள். இரவுக் காட்சியிலும் இதே முறைதான். கடை விளக்குகளின் நீண்ட ஒளிக்கோடுகள் ஆளின் பிம்பத்துக்குள் ஓடக் கூடாது, அங்கே அறுபட வேண்டும்.

அடுத்தது, பிம்பம் முழுக்க ஒரே அளவு Opacity இருக்கக் கூடாது. தண்ணீரை நேர் மேலிருந்து பார்த்தால் அது விழும் ஒளியில் சுமார் 2 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். பார்வை சாயச் சாய அது கூடும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேமரா 1.5 மீட்டர் உயரத்தில், பெண் 5 மீட்டர் தள்ளி, அவர் உயரம் 1.6 மீட்டர். பாதம் தெரியும் இடத்தில் தண்ணீர் ஏறக்குறைய 18 சதவீத ஒளியைத் திருப்பும். தலையின் பிம்பமோ கேமராவிலிருந்து இரண்டரை மீட்டருக்கும் குறைவான தொலைவில் விழுகிறது. அங்கே பார்வை செங்குத்தாக இறங்குவதால் 5 சதவீதம்தான். அதாவது பாதத்தருகே இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த அளவில் ஒரு Gradient போட்டு, இரண்டு லேயருக்கும் அதையே மாஸ்க்காகக் கொடுங்கள். கேமராவைத் தரையோடு தரையாக வைத்து எடுத்த பின்னணியானால் இந்த வித்தியாசம் இன்னும் கூடிவிடும்.

மங்கலும் அப்படியே மாறும். தாரின் ஜல்லி மேடுபள்ளம் பிம்பத்தை மேலும் கீழுமாக இழுக்கும், பக்கவாட்டில் அவ்வளவாக இழுக்காது. Gaussian Blur-க்குப் பதிலாக Motion Blur, Angle 90. பாதத்தில் கூர்மை, தலைப்பக்கம் போகப்போக அதிக இழுப்பு. வழியில் குட்டை இருந்தால் அதற்குள் மட்டும் பிம்பம் தெளிவாக இருக்கட்டும். குட்டையின் விளிம்பில் தெளிவு சட்டென்று மாறும் அந்த இடம்தான் பார்ப்பவரை நம்ப வைக்கும்.

ஆள் நடக்கிற மாதிரிப் படம். ஒரு காலுக்குப் பிம்பம் ஒட்டுகிறது, இன்னொரு கால் மிதக்கிறது.

இரண்டு பாதமும் கேமராவிலிருந்து ஒரே தொலைவில் இல்லை. பின்னால் இருக்கும் பாதம் படத்தில் சற்று மேலே இருக்கும். நீங்கள் ஒரே கோட்டில் மடித்துவிட்டீர்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலையும் தனித்தனி லேயராக்கி, ஒவ்வொன்றையும் அதனதன் பாதம் தரையைத் தொடும் இடத்தில் தலைகீழாக்குங்கள். மேலே சேரும் இடத்தை Warp-ஆல் இணைத்துக்கொள்ளலாம், மங்கலில் அது தெரியாது. குதிகால் தூக்கியிருந்தால் செருப்புக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி வர வேண்டும், அதைச் சரிசெய்கிறேன் என்று மூடிவிடாதீர்கள்.

குடை பிடித்திருந்தால் இன்னொன்று. தரை, குடையைக் கீழிருந்து பார்க்கிறது. பிம்பத்தில் கம்பிகளும் உட்பக்கமும்தான் தெரியும். அதைத் தனியாக வரைய வேண்டும்.

சட்டையை Curves-இல் இருட்டாக்கினால் நனைந்ததாகத் தெரியவில்லை, அழுக்காகத் தெரிகிறது.

பருத்தி நனையும்போது நூலிழைகளுக்கு நடுவே இருந்த காற்று போய்த் தண்ணீர் நிரம்புகிறது. ஒளி சிதறித் திரும்புவது குறைந்து, துணிக்குள்ளேயே ஆழமாகப் போய் உறிஞ்சப்படுகிறது. அதனால் துணி இருளும், கூடவே நிறமும் அடர்த்தியாகும். நீங்கள் இருளை மட்டும் கொடுத்ததால் சாம்பல் படிந்த மாதிரி இருக்கிறது.

சட்டை லேயரை நகலெடுத்து Multiply-இல் வையுங்கள். நிறம் தன்னோடு தானே பெருகும்போது இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும். கறுப்பு மாஸ்க் போட்டு, தண்ணீர் படும் இடங்களில் மட்டும் வெள்ளைத் தூரிகையால் திறந்துவிடுங்கள். தோள், மேல் மார்பு, தொடையின் முன்பக்கம், காற்றடிக்கும் பக்கத்துக் கை. அக்குளும் மடிப்பின் உள்ளும் கடைசியில்தான் நனையும். புடவையானால் கரையிலிருந்து ஈரம் மேலே ஏறியிருக்கும். ஈரத்தின் ஓரம் பருத்தியில் ஓரளவு தெளிவாகவே தெரியும் என்பதால் மிருதுவான தூரிகை வேண்டாம், Hardness 60 அளவில் வையுங்கள்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் இது பலிக்காது, வெள்ளையை வெள்ளையால் பெருக்கினால் வெள்ளைதான். அங்கே துணி உடம்போடு ஒட்டும் இடங்களில் தோல் நிறம் உள்ளிருந்து தெரிய வேண்டும். ஒட்டாமல் தூக்கி நிற்கும் மடிப்புகள் வெள்ளையாகவே இருக்கும். ரெயின்கோட் இருளவே இருளாது, முத்து முத்தாகத் துளிகள் மட்டும் நிற்கும். முகமும் கையும் அப்படித்தான்: தோலை இருட்டாக்காமல், நெற்றியிலும் மூக்கிலும் சிறிய கூர்மையான மினுக்கம் வைத்தால் போதும்.

தலைமுடியை எப்படி நனைப்பது? மாஸ்க்கில் ஒரு முடிகூட விடாமல் எடுத்திருக்கிறேன்.

நீங்கள் அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய அந்தப் பறக்கும் முடிகள்தான் இங்கே எதிரி. நனைந்த தலையில் முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றைகளாகிவிடும், தலையின் வெளிவடிவமே சிறுத்துப்போகும். முதலில் அந்த முடிகளை மாஸ்க்கில் வெட்டுங்கள். பிறகு Liquify-இல் Forward Warp கொண்டு முடியின் உப்பலை மண்டையோடு அழுத்துங்கள். மெல்லிய தூரிகையால் கற்றைகளுக்கு நடுவே இருண்ட கோடுகளும், கற்றையின் மேட்டில் ஒடுங்கிய வெளிச்சக் கோடும் போடுங்கள். நெற்றியிலும் கழுத்திலும் இரண்டு மூன்று இழைகள் தோலோடு ஒட்டிக் கிடக்கட்டும்.

இது பின்னல் போட்ட தலைக்கும் குட்டை முடிக்கும் நன்றாக வரும். விரித்துவிட்ட நீளமான காய்ந்த முடிக்கு நானும் பலமுறை முயன்றிருக்கிறேன், திருப்தியாக வந்ததில்லை. மறுபடி எடுக்க முடிந்தால் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரோடு கொஞ்சம் கிளிசரின் கலந்து அடித்து எடுங்கள், துளிகள் சீக்கிரம் காயாது. முடியாவிட்டால் முந்தானையைத் தலையில் போட்டபடி ஒரு படம் கேளுங்கள்.

மழைக்கோடுகள் எவ்வளவு நீளம்?

2 மில்லிமீட்டர்த் துளி நொடிக்கு ஆறரை மீட்டர் வேகத்தில் விழுகிறது. 1/60 நொடி ஷட்டரில் அது சுமார் 11 சென்டிமீட்டர் இறங்கும், 1/500-இல் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இறங்காது. ஆளின் உள்ளங்கை நீளத்தோடு ஒப்பிட்டு அளந்துகொள்ளுங்கள். கோடுகளில் பாதியை ஆளுக்குப் பின்னால் போடுங்கள், எல்லாம் முன்னால் இருந்தால் கண்ணாடியில் வரைந்த மாதிரி ஆகிவிடும். வெளிறிய வானத்தின் மேல் கோடு தெரியாது, இருண்ட மரத்தின் மேல்தான் தெரியும்.

வெயிலில் எடுத்த ஆளை மழைக்குள் வைக்கலாமா?

கூடாது. மூக்கின் கீழும் தாடையின் கீழும் விழுந்த கடின நிழலை அழிப்பதற்குள் முகத்தின் வடிவமே போய்விடும். வாசல் நிழலில் நிறுத்தி இன்னொரு படம் எடுங்கள், ஐந்து நிமிட வேலை.