மூலையில் 45-ஆ, 22.5-ஆ?

"ஐயா, 6 மீட்டர் ஸ்பான், 4 மீட்டர் உயரம் உள்ள போர்ட்டல் ஃபிரேம். அடி இரண்டும் ஃபிக்ஸட். பீம் மேல் மீட்டருக்கு 20 கிலோநியூட்டன். பீமை நடுவில் வெட்டி ஃபோர்ஸ் மெத்தடில் போட்டேன்: மொமென்ட் நடுவில் 67.5 கிலோநியூட்டன்-மீட்டர், மூலையில் 22.5. கூட்டினால் 20 × 6 × 6 / 8 = 90 சரியாக வருகிறது. ஆனால் சாஃப்ட்வேர் மூலையில் கிட்டத்தட்ட 45 காட்டுகிறது. டிராயிங் போட்டுத் தருபவர் 'கைக்கணக்கே போதும், கம்பி மிச்சம்' என்கிறார். எதை நம்புவது?"

இந்த முறை சாஃப்ட்வேரை நம்புங்கள். உங்கள் பிழை ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் அந்த 90. அது வந்ததில் நிம்மதி அடைய எதுவும் இல்லை. நடுவில் உள்ள மொமென்ட்டை X1 என்று வைத்தால், மூலை மொமென்ட் X1 − 90. நீங்கள் X1-க்கு ஆயிரம் என்று போட்டிருந்தாலும் இந்தக் கூட்டல் பொருந்தும். வெட்டிய துண்டுகள் மறுபடி ஒட்டுகின்றனவா என்பதை அது சொல்லாது.

தூணும் பீமும் ஒரே அளவு என்று எடுத்துக்கொள்கிறேன். அப்போது EI அடிபட்டுப் போகும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் வெட்டிய இடத்தில் ஷியர் கிடையாது. மொமென்ட் X1, நெருக்கும் விசை X2, இரண்டே தெரியாத எண்கள். பாதி ஃபிரேம் போதும்: 3 மீட்டர் பீம், 4 மீட்டர் தூண். X1-க்கு ஒன்று கொடுத்தால் பீமிலும் தூணிலும் மொமென்ட் எங்கும் 1. X2-க்கு ஒன்று கொடுத்தால் பீமில் ஒன்றுமில்லை. தூணில் மேலிருந்து y ஆழத்தில் y. இவற்றைப் பெருக்கித் தொகையிட்டால்:

```
7 X1 + 8 X2     = 450
8 X1 + 21.33 X2 = 720
```

7 என்பது 3 + 4. இரண்டு வரியிலும் அதே 8 வருவது மேக்ஸ்வெல் 1864-இல் சொன்ன விதி; வேறு வேறாக வந்தால் அங்கேயே நிறுத்திப் பாருங்கள். இதைத் தீர்த்தால் X1 = 45, X2 = 16.875. மூலையில் 45 − 90 = −45, அதாவது வெளிப்பக்கம் இழுவிசை. அடியில் −45 + 4 × 16.875 = 22.5, அங்கே உள்பக்கம் இழுவிசை.

நீங்கள் 450-க்குப் பதில் 540 போட்டிருக்கிறீர்கள். வெட்டிய பிறகு பாதி பீம் ஒரு கேன்டிலீவர். அதன் சுமை மொமென்ட் நடுவில் பூஜ்யம், மூலையில் 90. வளைகோடு நடுவில் படுத்துக் கிடந்து மூலைக்குப் போகப் போகச் செங்குத்தாகும். அதன் பரப்பு மூன்றில் ஒரு பங்கு: 3 × 90 / 3 = 90. தூணின் 4 × 90 = 360-ஐச் சேர்த்தால் 450. நீங்கள் சாதாரண பீமுக்கு உரிய மூன்றில் இரண்டைப் போட்டு 180 எடுத்துவிட்டீர்கள். ஜெராக்ஸ் கடையில் கட்டாக விற்கும் நோட்ஸில் இரண்டு பரவளையமும் அடுத்தடுத்த கட்டத்தில், மசி படிந்து, ஒரே மாதிரி இருக்கும். மாணவனும் பார்த்து எழுதுகிறான், ஸ்டெப்புக்கு மார்க்கும் விழுகிறது. கட்டடம் ஸ்டெப்புக்கு மார்க் போடாது.

சரிபார்க்க வேறு வழி உண்டு. அடி திரும்பாது என்பதால் பாதி ஃபிரேமின் மொத்த மொமென்ட் பரப்பு பூஜ்யமாக வேண்டும். பீமில் 45 × 3 − 90 = 45. தூணில் சராசரி −11.25, 4 மீட்டருக்கு −45. கூட்டினால் பூஜ்யம். உங்கள் எண்களுக்கு இதைச் செய்தால் பீமில் 112.5, தூணில் −22.5, 90 மிச்சம் நிற்கிறது. ஆனால் பீம் பரப்புக்கு மறுபடியும் மூன்றில் இரண்டைப் போட்டால் இந்தச் சோதனையும் பொய்யாகப் பொருந்திவிடும்.

'கம்பி மிச்சம்' என்றவரைப் பற்றி. உங்கள் எண்ணில் மூலைக்குப் பாதிக் கம்பி, நடுவுக்கு ஒன்றரை மடங்கு. மிச்சமே இல்லை, விரிசல் மூலையின் வெளிப்பக்கத்தில்தான் வரும். இவர்கள் சதுர அடிக்கு ரேட் பேசி, யாரோ ஒருவரின் கையெழுத்தை விலைக்கு வாங்கி ஒட்டுகிறார்கள். அப்படி ஒட்டிய ஒரு டிராயிங் என் மேசைக்கு வந்தது. கணக்குத் தாள் எங்கே என்றால் பதில் இல்லை. அனுமதி தரும் இடத்திலும் முத்திரையைத்தான் பார்க்கிறார்கள். பணம் கொடுக்கும் முன் கணக்குத் தாளைக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் விடாமல் சொல்கிறேன். 'ஃபிக்ஸட்' என்று தாளில் எழுதிவிட்டால் மண் கேட்காது. இளகிய களிமண்ணில் சிறிய ஃபுட்டிங் வைத்தால் அது சற்றே திரும்பும், அடியின் 22.5 குறையும். முழுக்கத் திரும்பிக் கீல் போலாகிவிட்டால் அடியில் பூஜ்யம், மூலையில் 41.5, நடுவில் 48.5. உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். ஆகவே மூலைக்கு 45, பீம் நடுவுக்கு 48.5 என்று கம்பி போடுங்கள். ஃபுட்டிங்கை, தூணிலிருந்து வரும் 60 கிலோநியூட்டனோடு 22.5 மொமென்ட்டுக்கும் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஃபுட்டிங்கின் சொந்த எடையையும் சேர்க்க வேண்டும். பீமின் மேல் கம்பி மூலையில் வளைந்து தூணின் வெளிமுகத்தில் போதிய நீளம் இறங்க வேண்டும். டிராயிங்கில் அந்த வளைவு இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.